போர்ட்ரெய்ட் ஆர்டர் முதல் உரிமம் வரை: டிஜிட்டல் ஓவியம் விற்பதற்கு முழுமையான வழிகாட்டி

இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் டிஜிட்டல் போர்ட்ரெய்ட் ஆர்டர் எடுக்கத் தொடங்குபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரைவதில் இல்லை. போட்டோவைப் பார்க்காமலேயே விலையைச் சொல்லிவிடுகிறார்கள். முன்பணம் வாங்காமல் ஸ்கெட்ச் போட்டு அனுப்புகிறார்கள். படத்தை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தைப் படம் கைமாறிய பிறகு பேசுகிறார்கள். ஒவ்வொன்றும் சரியான வேலைதான், வரிசைதான் தப்பு. அதனால் கீழே எல்லாவற்றையும் செய்ய வேண்டிய வரிசையிலேயே சொல்கிறேன்.

நடுநடுவே ஒரே ஆர்டரை எடுத்துக் கணக்குப் போடுவோம். ஒரு பெண் தன் பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஓவியம் கேட்கிறார். அப்பாவும் அம்மாவும் இடுப்பு வரை, பட்டுப்புடவையும் நகையுமாக. பின்னால் காலமாகிவிட்ட தாத்தாவின் முகம். அவரிடம் தாத்தாவுக்கு ஒரேயொரு பழைய கறுப்பு வெள்ளைப் படம்தான் இருக்கிறது.

## 1. முதல் ஆர்டருக்கு முன்: உங்கள் நேரத்தை அளந்து வையுங்கள்

விலைப் பட்டியல் எழுத உட்காரும் முன் மூன்று படங்களைக் கடிகாரம் வைத்து வரையுங்கள். ஒன்று, வெற்றுப் பின்னணியில் தோள் வரைக்குமான ஒரு முகம். இரண்டாவது, இடுப்பு வரை ஒருவர். மூன்றாவது, பட்டும் நகையும் உள்ள ஒரு பெண். ஒவ்வொன்றிலும் ஸ்கெட்ச், லைன், வண்ணம், கடைசித் திருத்தம் என்று நான்கு கட்டத்துக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மொத்த நேரம் மட்டும் போதாதா என்று கேட்பார்கள். போதாது. வாடிக்கையாளர் நடுவில் ஆர்டரை நிறுத்தினால் எவ்வளவு பணம் நியாயமாக உங்களுடையது என்று சொல்ல அந்தக் கட்டக் கணக்குதான் வேண்டும். முன்பணத்தின் அளவையும் அதை வைத்தேதான் முடிவு செய்யப் போகிறோம்.

இந்த மூன்று படங்களுமே உங்கள் மாதிரிகளும் ஆகிவிடும். ஐம்பது படம் போட்டு வைக்கத் தேவையில்லை. வருகிறவர் தனக்கு எந்த அளவு விவரம் வேண்டும் என்று விரல் வைத்துக் காட்ட மூன்று படம் போதும்.

## 2. ஒரு மணி நேரத்துக்கு உங்கள் விலை

மாதம் உங்களுக்கு என்ன வர வேண்டும் என்பதிலிருந்து தொடங்குங்கள். 25,000 ரூபாய் வேண்டும், டேப்லெட் தேய்மானம், நெட், மின்சாரம் என்று 1,500 செலவு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 26,500.

இதை ஒரு நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வகுப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. ஆர்டராக மாறாத விசாரிப்புகளுக்குப் பதில் சொல்வது, பதிவு போடுவது, கணக்கு எழுதுவது எல்லாம் போக, காசு தருகிற வேலை நாளுக்கு நான்கு மணி நேரம் கிடைத்தால் பெரிது. மாதம் 22 நாள் என்றால் 88 மணி நேரம். 26,500ஐ 88ஆல் வகுத்தால் சுமார் 300 ரூபாய். இதுதான் உங்கள் மணி விலை.

இந்த எண்ணை வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டாம். சொன்னால் "இதுக்கு ஏன் அஞ்சு மணி நேரம் ஆகுது?" என்ற பேரம்தான் தொடங்கும். அவருக்குத் தெரிய வேண்டியது மொத்த விலையும், அதில் எந்தெந்த விவரம் அடக்கம் என்பதும்தான்.

## 3. போட்டோவைப் பார்த்த பிறகே விலை

"ஒரு போர்ட்ரெய்ட் எவ்வளவு?" என்று முதல் மெசேஜ் வரும். தொடக்க விலையை மட்டும் சொல்லுங்கள்: "தோள் வரைக்கும் ஒருவர், வெற்றுப் பின்னணி, 1,500 ரூபாயில் ஆரம்பம். போட்டோ அனுப்புங்க அக்கா, பார்த்துட்டு சரியான விலை சொல்றேன்." மோசமான போட்டோ நல்ல போட்டோவைவிட இரண்டு மணி நேரம் கூடுதலாக இழுக்கும். அதைப் பார்க்காமல் சொன்ன விலை வெறும் ஊகம்தான்.

போட்டோவை வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் ஆப் அதைச் சுருக்கிவிடும். வந்ததும் முகம் திரை முழுக்க வரும்படி பெரிதாக்கிப் பாருங்கள். கருவிழியின் விளிம்பு தெரிகிறதா? மேலுதட்டுக் கோடு எங்கே முடிகிறது என்று சொல்ல முடிகிறதா? இரண்டும் கட்டம் கட்டமாகக் கலங்கித் தெரிந்தால் அந்தப் படத்தை வைத்துச் சாயல் கொண்டுவர முடியாது. என் அளவுகோல், முகத்தின் அகலம் மட்டும் குறைந்தது 500 பிக்செல் இருக்க வேண்டும். பத்துப் பேர் நிற்கும் கல்யாண குரூப் போட்டோவில் இது அநேகமாக இருக்காது.

அடுத்தது செல்ஃபி. கை நீளத்துக்குள் எடுத்த படத்தில் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் மூக்கு பெரிதாகவும், தள்ளி இருக்கும் காதுகள் சிறிதாகவும் விழும். அதை அப்படியே வரைந்தால் போட்டோவுடன் அச்சு அசலாகப் பொருந்தும், ஆனாலும் வீட்டில் உள்ளவர்கள் "அப்பா மாதிரி இல்லையே" என்பார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். அவர்கள் அப்பாவை அவ்வளவு கிட்டத்தில் பார்த்துப் பழகியதில்லை. அதனால் ஆள் உயிரோடு இருந்தால் புதிதாக ஒரு படம் கேளுங்கள்: ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், ஆறு ஏழு அடி தள்ளி நின்று, வேண்டுமானால் கொஞ்சம் ஜூம் செய்து. கேட்கக் கூச்சப்பட வேண்டாம், பெரும்பாலானவர்கள் அன்று சாயந்திரமே எடுத்து அனுப்பிவிடுவார்கள்.

நம் ஆர்டரில் தாத்தாவுக்கு அது முடியாது. அந்தப் பழைய படத்தை ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருப்பதை போனில் பிடித்தால் எதிரொளி விழும். கூடவே அவருடைய மகன்களில் யாருக்கு அவர் சாயல் அதிகம் என்று கேட்டு, அவர் படமும் ஒன்று வாங்குங்கள். மங்கிப்போன இடங்களில் தாடையும் காதும் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க அது உதவும். பழைய படத்தில் தெரியாததை நீங்கள் ஊகித்து வரைவீர்கள் என்பதை இப்போதே சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் சமாளிப்பாகத்தான் தெரியும்.

போட்டோ யாருடையது என்றும் கேளுங்கள். வீட்டில் எடுத்தது, அவர்களே காசு கொடுத்து ஸ்டூடியோவில் எடுத்தது என்றால் பொதுவாகச் சிக்கல் இல்லை. இணையத்தில் எடுத்த நடிகர் ஸ்டில், வேறொரு போட்டோகிராபரின் படம் என்றால் அதைப் பார்த்து அப்படியே வரைந்து விற்க வேண்டாம். அந்தப் போட்டோவின் உரிமை வேறொருவரிடம் இருக்கிறது.

## 4. விவரத்துக்குத் தக்க விலை

விலையை ஏற்றுவது ஐந்து விஷயங்கள்: உடல் எதுவரை, எத்தனை பேர், உடையும் நகையும், பின்னணி, போட்டோவின் தரம். படத்தின் பிக்செல் அளவு இதில் வராது. பெரிய கேன்வாஸில் வரைந்தாலும் அதே முகம்தான். வேலையைக் கூட்டுவது விவரம்தான்.

இரண்டாவது ஆளுக்குப் பாதி விலை போடுவது பரவலாக இருக்கிறது. எதன் அடிப்படையில் என்று எனக்குப் புரியவில்லை. இரண்டாவது முகத்துக்கும் இரண்டு கண், ஒரு மூக்கு, அதே உழைப்பு. மிச்சமாவது பேசும் நேரமும் பின்னணியும்தான். அதனால் ஒரு மணி நேரம் குறைத்தால் போதும்.

பட்டுப்புடவையைத் தனியாகக் கணக்கிடுங்கள். ஜரிகைக் கரையில் உள்ள மயில், ருத்திராட்சம், கோபுரம் எல்லாம் மடிப்புக்கு மடிப்பு வளைந்து போகும். ஒரு துண்டை வரைந்து நகலெடுத்து ஒட்டினால் மடிப்பே தெரியாமல் தட்டையாகிவிடும், அம்மாக்கள் அதை உடனே கண்டுபிடிப்பார்கள். நகையிலும் அப்படியே. அவர் போட்டிருக்கும் அட்டிகை வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த அட்டிகை. கல் வரிசை மாறினால் திருத்தம் வரும்.

சரி, நம் ஆர்டருக்கு வருவோம்.

அப்பா, இடுப்பு வரை: 7 மணி நேரம், 2,100 ரூபாய்.
அம்மா, இடுப்பு வரை: 6 மணி நேரம், 1,800.
பட்டுப்புடவையும் நகையும்: 3 மணி நேரம், 900.
தாத்தா, தோள் வரை 5 மணி நேரம், பழைய படத்துக்காகக் கூடுதல் 2 மணி நேரம்: 2,100.
எளிய பின்னணி: 1 மணி நேரம், 300.
பேச்சு, திருத்தச் சுற்றுகள், கோப்பு தயாரிப்பு: 3 மணி நேரம், 900.

மொத்தம் 27 மணி நேரம், 8,100 ரூபாய்.

இதைக் கேட்டதும் "கொஞ்சம் குறைச்சுக்குங்களேன்" என்பார். விலையைக் குறைக்காமல் விவரத்தைக் குறையுங்கள். "இடுப்பு வரைக்கும் பதிலா தோள் வரைக்கும் வச்சா புடவை வேலை பெரும்பகுதி போயிடும், 6,500க்குள்ள முடிக்கலாம்" என்று சொல்லலாம். அப்போது உங்கள் மணி விலையும் காப்பாற்றப்படும், அவருக்கும் எதற்காகக் காசு போகிறது என்று புரியும். காரணமே சொல்லாமல் 8,100ஐ 6,500 ஆக்கினால், முதலில் சொன்னது கூடுதல் விலை என்று நீங்களே ஒத்துக்கொண்டதாகிவிடும்.

## 5. உரிமம்: முன்பணத்துக்கு முன்பே, எழுத்தில்

இதில் ஓவியர்கள் பலருக்கும் தெரியாத ஒரு சட்ட விஷயம் இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, வரைந்தவரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் என்பதைப் பொது விதியாக வைக்கிறது. ஆனால் அதே 17ஆம் பிரிவில் விதிவிலக்குகள் உண்டு. ஒருவர் கேட்டு, அவரிடம் காசு வாங்கிக்கொண்டு வரைந்த ஓவியத்துக்கும் போர்ட்ரெய்ட்டுக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவர்தான் முதல் உரிமையாளர்.

அதாவது, நீங்கள் எதுவும் எழுதிக்கொள்ளாமல் வரைந்து கொடுத்த போர்ட்ரெய்ட் வாடிக்கையாளருடையது. அவர் அதைக் காலண்டரில் போடலாம், கடைப் பலகையில் போடலாம். "நான்தானே வரைந்தேன்" என்ற வாதம் அங்கே எடுபடாது. வெளிநாட்டு ஓவியர்கள் எழுதும் விதிமுறைகளை நகலெடுத்து வைத்துக்கொள்பவர்கள் தவறுவது இங்கேதான். அமெரிக்காவில், தனியாகத் தொழில் செய்பவர் ஆர்டருக்கு வரைந்த போர்ட்ரெய்ட்டின் உரிமை பொதுவாக வரைந்தவரிடமே இருக்கும். அதனால் அவர்கள் அதைப் பெரிதாக எழுதி வைப்பதில்லை. இங்கே எழுதியே ஆக வேண்டும்.

அப்படியென்றால் எதை எழுதுவது? குடும்ப ஓவியத்துக்கு என் பரிந்துரை, பதிப்புரிமையை நீங்கள் வைத்துக்கொண்டு குடும்பத்துக்குத் தாராளமான உரிமம் கொடுப்பது. விலையுடன் சேர்த்து இப்படி ஒரு மெசேஜ் அனுப்புங்கள்:

> இந்த ஓவியத்தின் பதிப்புரிமை வரைந்தவரிடம் இருக்கும். குடும்பத்துக்காக நீங்கள் எத்தனை பிரதி வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அழைப்பிதழில் போடலாம், சமூக வலைத்தளங்களில் பகிரலாம். இதற்குக் கால வரம்போ நாட்டு வரம்போ இல்லை. விற்பனைக்கோ விளம்பரத்துக்கோ பயன்படுத்துவதானால் தனியாகப் பேசி, தனிக் கட்டணம். என் மாதிரிப் படங்களில் இதைக் காட்டலாமா: ஆம் / வேண்டாம். சம்மதம் என்று பதில் அனுப்பிவிட்டு முன்பணம் செலுத்தவும்.

கால வரம்பும் நாட்டு வரம்பும் இல்லை என்று குறிப்பிட்டுச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். 30ஏ பிரிவு அதை உரிமங்களுக்கும் பொருத்துகிறது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் அப்பா படத்தை அச்சடிப்பது உரிமத்துக்கு வெளியே போகக் கூடாது அல்லவா?

மாதிரிப் படமாகக் காட்டும் அனுமதியைத் தனியாகக் கேளுங்கள். பதிப்புரிமை உங்களிடம் இருந்தாலும் முகம் அவர்களுடையது. காலமானவர் இருக்கும் படத்தை உங்கள் பக்கத்தில் விளம்பரமாகப் பார்ப்பது சிலருக்கு வலிக்கும். "வேண்டாம்" என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள், அதற்காக விலையைக் கூட்டாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த "சம்மதம்" குடும்ப ஆர்டருக்கு நடைமுறையில் போதுமான பதிவு. அந்த உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து ஆர்டர் ஃபோல்டரில் போட்டு வையுங்கள். கடை, நிறுவனம் போன்றவர்களின் ஆர்டருக்குக் கையெழுத்திட்ட ஒரு பக்கத் தாள் வாங்குங்கள்.

## 6. முன்பணம்: எவ்வளவு, எப்போது, ஏன்

போர்ட்ரெய்ட்டில் முன்பணம் மற்ற ஓவியத்தைவிடக் கட்டாயம். வாங்காமல் போன பனைமரக் காட்சியை வேறொருவருக்கு விற்கலாம். வாங்காமல் போன ஒருவருடைய அப்பாவின் முகத்தை யாருக்கும் விற்க முடியாது. கோப்பு நம் கையில்தானே இருக்கிறது, கடைசியில் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்ற தைரியம் இங்கே உதவாது.

ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: வண்ண வேலை பாதி தாண்டும் வரை, கைக்கு வந்த பணம் செய்து முடித்த வேலையைவிடக் குறையக் கூடாது.

2,000 ரூபாய்க்குள் இருக்கும் சிறிய ஆர்டருக்கு முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்குவது இருவருக்கும் எளிது. அதற்கு மேல் போனால் தவணை. 8,100 ரூபாய் ஆர்டரை இப்படிப் பிரிக்கலாம்: ஸ்கெட்ச் தொடங்கும் முன் 4,000, ஸ்கெட்ச் ஒப்புதலானதும் 2,100, பெரிய கோப்பு அனுப்பும் முன் 2,000.

கணக்கைச் சரிபார்ப்போம். ஸ்கெட்ச் மொத்த நேரத்தில் கால் பங்கு, கிட்டத்தட்ட 7 மணி நேரம், 2,100 ரூபாய் வேலை. அப்போது கையில் 4,000 இருக்கிறது. வண்ணத்தில் இறங்கும்போது 6,100. முழுவதும் முடித்த பிறகு அவர் மறைந்துபோனால் உங்களுக்கு நஷ்டம் 2,000 ரூபாய், தாங்கக்கூடியது. 6,100 கொடுத்தவர் 2,000க்காகப் படத்தை விட்டுவிட்டுப் போவதும் அரிது.

ஆர்டர் நின்றால் என்ன ஆகும் என்பதையும் முன்பணம் வாங்கும்போதே எழுதுங்கள். ஸ்கெட்ச் தொடங்கும் முன் நிறுத்தினால் 500 ரூபாய் போக மீதி திருப்பித் தரப்படும், ஏனென்றால் போட்டோ பார்த்ததும் பேசியதும் வேலைதான். ஸ்கெட்ச் அனுப்பிய பிறகு நிறுத்தினால் முதல் தவணை திரும்பாது. வண்ணம் தொடங்கிய பிறகு இரண்டாவதும் திரும்பாது. ஆனால் நிறுத்துவது நீங்கள் என்றால், உடம்பு சரியில்லையோ டேப்லெட் உடைந்ததோ காரணம் எதுவானாலும், முழுப் பணமும் ஒரு வாரத்துக்குள் திரும்பும். இந்தக் கடைசி வரியை எழுதுபவர்கள் குறைவு. முகம் தெரியாத ஒருவருக்கு 4,000 ரூபாய் அனுப்பத் தயங்குபவரை அனுப்ப வைப்பது அந்த வரிதான்.

பணம் வந்ததா என்று உங்கள் வங்கி ஆப்பில் பார்த்து உறுதி செய்யுங்கள். வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் ஆதாரமல்ல, போலியாக உருவாக்குவது மிக எளிது. யுபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. "முன்பணம் அனுப்புறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்று யாராவது சொன்னால் அவர் உங்கள் பணத்தை எடுக்க வந்தவர். விலையே கேட்காமல், போட்டோவே அனுப்பாமல், "உடனே முழுப் பணம் தர்றேன்" என்று அவசரப்படுத்துவது இந்த ஏமாற்றின் முதல் அறிகுறி.

வெளிநாட்டிலிருந்து வரும் ஆர்டருக்கு பேபால் பயன்படுத்துவதானால் ஒன்று நினைவிருக்கட்டும். 2021 ஏப்ரலில் இருந்து இந்தியாவுக்குள் அதில் பணம் அனுப்பிப் பெற முடியாது, வெளிநாட்டுப் பணம் மட்டும் வரும். அவர்களுடைய கட்டணமும் நாணய மாற்றும் சேர்ந்து ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும், அதை விலையிலேயே சேர்த்துவிடுங்கள். பணம் செலுத்தியவர் 180 நாள் வரை புகார் எழுப்பலாம். அதனால் ஒவ்வொரு கட்டத்தின் ஒப்புதலையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

## 7. ஸ்கெட்ச் ஒப்புதலும் திருத்தமும்

ஸ்கெட்ச்சை 1,000 பிக்செல் அளவில், குறுக்கே உங்கள் பெயர் போட்டு அனுப்புங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். "நல்லா இருக்கு" என்று பதில் வரும், அது ஒப்புதலே இல்லை. குறிப்பாகக் கேளுங்கள்: தாத்தா நிற்கும் இடம் சரியா? அம்மா தலை சாய்ந்திருப்பது சரியா? மூன்று முகமும் சாயல் வந்திருக்கிறதா? கண்ணாடி வேண்டுமா, வேண்டாமா? ஒவ்வொன்றுக்கும் பதில் வந்த பிறகுதான் இரண்டாவது தவணை, அப்புறம்தான் வண்ணம்.

திருத்தத்துக்கு எல்லை வையுங்கள். ஸ்கெட்ச் கட்டத்தில் இரண்டு சுற்று எந்த மாற்றமும் செய்யலாம். வண்ணத்துக்குப் பிறகு ஒரு சுற்று, நிறம், நகை, பொட்டு மாதிரியான சிறு மாற்றங்களுக்கு மட்டும். கை வைத்திருக்கும் விதத்தையோ நிற்கும் இடத்தையோ மாற்றினால் மணிக்கணக்கில் கட்டணம். "திருப்தியாகும் வரை திருத்தித் தரப்படும்" என்று எழுதியவர்கள் ஒரு படத்தை மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் பத்துப் பேருக்கும் பத்துக் கருத்து இருக்கும். அதனால் திருத்தம் சொல்ல ஒருவரை மட்டும் நியமிக்கச் சொல்லுங்கள், ஒரு சுற்றின் திருத்தங்களை ஒரே மெசேஜில் கேளுங்கள்.

"சாயல் இல்லை" என்று வந்தால் பதற வேண்டாம். போட்டோவை ஸ்கெட்ச்சின் மேல் 50% ஒளிபுகும்படி வைத்து, இரண்டு கண்களின் வெளி ஓரங்களைப் பொருத்துங்கள். மூக்கின் அடியும் உதட்டுக் கோடும் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். விலகியிருந்தால் தவறு உங்களுடையது, இலவசமாகத் திருத்துங்கள். பொருந்துகிறது, ஆனாலும் சாயல் இல்லை என்கிறார்கள் என்றால் போட்டோவில்தான் சிக்கல், வேறு படம் கேளுங்கள். முதலிலேயே நல்ல போட்டோ வாங்கியிருந்தால் இந்த இடத்துக்கு வருவதே குறைவு.

## 8. கோப்பை ஒப்படைப்பது

அச்சு அளவைத் தொடக்கத்திலேயே கேட்டிருக்க வேண்டும். முடிந்த படத்தைப் பெரிதாக்கினால் விளிம்புகள் மங்கும். 12க்கு 18 அங்குல ஃப்ரேமுக்கு 300 டிபிஐயில் 3,600க்கு 5,400 பிக்செல் கேன்வாஸ் வேண்டும். 8க்கு 10 ஃப்ரேம் வாங்கி வைத்திருக்கிறார் என்றால் உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதமே வேறு. 12க்கு 18 விகிதத்தில் வரைந்ததை அதில் போட்டால் தலையோ கையோ வெட்டுப்படும். எந்த அளவானாலும் நான்கு பக்கமும் அரை அங்குலம் வெறுமையாக விடுங்கள், ஃப்ரேம் விளிம்பு அதை விழுங்கும்.

முடிந்ததும் முதலில் சிறிய கோப்பு, பெயர் குறுக்கே போட்டது. கடைசித் தவணை வங்கியில் ஏறியதும் பெரிய கோப்பு: அச்சுக்கு ஒரு ஜேபெக், வைத்துக்கொள்ள ஒரு பிஎன்ஜி. போட்டோ லேபில் அச்சடிப்பதானால் எஸ்ஆர்ஜிபி நிறத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப் என்றால் டாக்குமென்ட்டாக, இல்லையென்றால் டிரைவ் லிங்க். திரையில் பளீரென்று தெரியும் நீலமும் கிளிப்பச்சையும் தாளில் கொஞ்சம் அடங்கித்தான் வரும் என்று கூடவே ஒரு வரி சொல்லுங்கள்.

லேயர்கள் பிரிந்திருக்கும் மூலக் கோப்பை இதோடு கொடுக்காதீர்கள். அதைக் கொடுத்தால் யாரும் தாத்தாவை நீக்கி வேறொருவரைச் சேர்க்கலாம். கேட்டால் தனி விலை.

## 9. ஏற்கெனவே வரைந்த படங்களை விற்கும்போது

யாரும் கேட்காமல் நீங்களாக வரைந்து வைத்த படத்தின் பதிப்புரிமை உங்களுடையது. 17ஆம் பிரிவின் அந்த விதிவிலக்கு இங்கே வராது. அதனால் ஒரே படத்தைப் பலருக்கு விற்கலாம், இங்கே விற்பது பயன்படுத்தும் உரிமையைத்தான்.

ஒரு தின்பண்டக் கடைக்காரர், பனங்கிழங்கு விற்கும் பாட்டியை நீங்கள் வரைந்த படத்தைத் தன் பாக்கெட் லேபிளுக்குக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது 15 மணி நேரம் எடுத்த படம், 4,500 ரூபாய் வேலை. நான்கு கேள்வி கேளுங்கள்: எதில் போடுவீர்கள், எத்தனை காலம், எந்தெந்த ஊரில் விற்பீர்கள், வேறு யாருக்கும் நான் தரக் கூடாதா? லேபிளுக்கு மட்டும், ஒரு வருடம், தமிழ்நாட்டுக்குள், மற்றவர்களுக்கும் தரலாம் என்றால் வரைந்த விலையில் பாதி, 2,250 வாங்குவேன். தின்பண்டத் தொழிலில் வேறு யாருக்கும் தரக் கூடாது என்றால் முழு 4,500. அந்த ஒரு வருடம் நீங்கள் இழக்கும் வாய்ப்புக்கான விலை அது. இதற்கு ஒத்துக்கொள்ளும் முன், அதே படத்தை ஏற்கெனவே யாருக்காவது கொடுத்திருக்கிறீர்களா என்று உங்கள் பட்டியலைப் பாருங்கள். படத்துக்கு ஒரு வரி, யாருக்கு, எதற்கு, எந்தத் தேதி வரை என்று ஒரு எக்செல் தாள் இதற்காகவே வேண்டும்.

"மொத்தமா எங்களுக்கே எழுதிக் கொடுத்துடுங்க" என்று கேட்டால் அது உரிமை மாற்றம், அதற்குக் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வரைந்த விலையைப் போல் நான்கு மடங்குக்குக் குறைந்து நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்படிக் கொடுத்த பிறகு அதே பாட்டியை டீஷர்ட்டில் போடும் உரிமை உங்களுக்கே இருக்காது. வரைந்தது நீங்கள் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், உங்கள் பெயருக்குக் கேடு வரும்படி படத்தைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும் 57ஆம் பிரிவின்கீழ் உங்களிடமே இருக்கும்.

உரிமக் காலம் முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே போனில் நினைவூட்டல் வைத்து, கடைக்காரருக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்: "சார், லேபிள் உரிமம் அடுத்த மாசம் முடியுது. தொடரணும்னா இதே விலை. பழைய லேபிள் ஸ்டாக் இருந்தா தீர்த்துக்க மூணு மாசம் எடுத்துக்குங்க." அச்சடித்த லேபிளை வீணாக்கச் சொன்னால் அவர் புதுப்பிக்க மாட்டார். அந்த மூன்று மாதத்தை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.